ரிட்டர்ன் போட்டாச்சு, ஆனால் கணக்கில் ஏறவில்லை

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, வருமான வரி ரிட்டர்னைத் தாங்களே போட நினைக்கும் சம்பளக்காரர்களுக்காக ஒன்றரை மணி நேர வெபினார் ஒன்று நடத்துகிறேன். கட்டணம் எதுவும் இல்லை. ஜூலை 31-க்குள் ரிட்டர்னை முடிப்பது எப்படி என்பதுதான் விஷயம். அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஒருவர் கேட்டிருந்தார்: “சம்பளத்திலேயே வரியைப் பிடிச்சுட்டாங்க. நான் கட்ட வேண்டிய பாக்கி ஒரு ரூபாய்கூட இல்லை. தேதி தாண்டினா என்ன ஆகிடும்? ஐயாயிரம் ரூபாய் அபராதம்தானே?”

இந்தக் கேள்வி வருடா வருடம் எனக்கு வருகிறது. ஐயாயிரம் என்பது சரிதான். மொத்த வருமானம் ஐந்து லட்சத்தைத் தாண்டினால் தாமதக் கட்டணம் 5,000 ரூபாய், அதற்குள் இருந்தால் 1,000 ரூபாய். ஆனால் அதைவிடப் பெரிய தொகை ஒன்று, பெயரே தெரியாமல், அந்தத் தேதியோடு சேர்ந்து போய்விடும். அது எப்படிப் போகிறது என்பதை, இந்த வருடம் ஜனவரியில் என்னிடம் வந்த ஒருவரின் கணக்கை வைத்தே சொல்கிறேன். வெபினாருக்கு வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வந்தால் அங்கே நேரடியாக வேலையில் இறங்கிவிடலாம்.

முதலில் ரிட்டர்ன் என்றால் என்ன என்பதைப் பார்த்துவிடுவோம். ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான ஒரு நிதியாண்டில் உங்களுக்கு எவ்வளவு வருமானம் வந்தது, அதற்கு எவ்வளவு வரி ஆகிறது, அதில் எவ்வளவு ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்று நீங்களே அரசுக்குக் கொடுக்கும் கணக்குதான் ரிட்டர்ன். கம்பெனி பிடித்து அரசுக்குக் கட்டும் டிடிஎஸ், அந்த வரிக்கான முன்பணம் மாதிரி. கம்பெனி தனக்குத் தெரிந்த விவரங்களை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பிடிக்கிறது. முழு விவரமும் உங்களுக்குத்தான் தெரியும். நீங்கள் போடும் கணக்கில் வரி குறைவாக வந்தால் அதிகப்படியாகப் பிடித்தது ரீஃபண்டாகத் திரும்பி வரும், கூடுதலாக வந்தால் மிச்சத்தைக் கட்ட வேண்டும். ஆகவே டிடிஎஸ் பிடித்ததோடு கணக்கு முடிந்துவிட்டது என்று நினைப்பது தவறு. ரிட்டர்ன் போட்டால்தான் கணக்கு முடியும்.

இரண்டாவது, வரி போடும் முறைகள் இரண்டு இருக்கின்றன. பழைய முறையில் விகிதங்கள் அதிகம், ஆனால் வீட்டு வாடகைப் படி, பிஎஃப், எல்ஐசி, மருத்துவக் காப்பீடு, வீட்டுக் கடன் வட்டி என்று பலவற்றைக் கழித்துக்கொள்ளலாம். புதிய முறையில் விகிதங்கள் குறைவு, ஆனால் இந்தக் கழிவுகளில் ஏறக்குறைய எதுவும் கிடையாது. நிலைக் கழிவு மட்டும் இரண்டிலும் உண்டு, பழையதில் 50,000 ரூபாய், புதியதில் 75,000 ரூபாய்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. 2023-24 நிதியாண்டிலிருந்து புதிய முறைதான் தானாக அமையும் முறை. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் புதிய முறைதான். பழைய முறை வேண்டுமென்றால் வாய் திறந்து கேட்க வேண்டும். அதையும் கடைசித் தேதிக்குள் போடும் ரிட்டர்னில்தான் கேட்க முடியும். தேதி தாண்டி, டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன் போடச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அந்தத் தாமத ரிட்டர்னில் பழைய முறையைக் கேட்க முடியாது. உங்களிடம் எத்தனை ரசீது இருந்தாலும் சரி, எத்தனை வருடமாகப் பழைய முறையிலேயே இருந்தவராக இருந்தாலும் சரி, அந்த வருடத்துக்குப் புதிய முறைதான்.

இப்போது அந்தக் கணக்குக்கு வருகிறேன். அவர் சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறார். 2024-25 நிதியாண்டில் அவருடைய மொத்தச் சம்பளம் 12 லட்சம் ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளம் மாதம் 50,000, வீட்டு வாடகைப் படி மாதம் 20,000. வாடகையாக மாதம் 22,000 கொடுத்தார். சொந்த ஊரில் கடன் வாங்கி வீடு கட்டியிருக்கிறார், அதில் பெற்றோர் இருக்கிறார்கள், வீடு வாடகைக்கு விடப்படவில்லை. அந்தக் கடனுக்கு வருடம் 2 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் வட்டி கட்டுகிறார். பிஎஃப், எல்ஐசி, வீட்டுக் கடன் அசல் எல்லாம் சேர்த்து 80சி பிரிவின் உச்சவரம்பான 1,50,000 நிரம்பிவிடுகிறது. குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு பிரீமியம் 25,000.

வாடகைப் படிக்கு எவ்வளவு கழிக்கலாம் என்பதற்கு மூன்று தொகைகளை எடுத்து, அவற்றில் எது குறைவோ அதை வைத்துக்கொள்ள வேண்டும். கம்பெனி கொடுத்த படி 2,40,000. கொடுத்த வாடகை 2,64,000-இலிருந்து அடிப்படைச் சம்பளத்தில் பத்து சதவீதமான 60,000 போனால் 2,04,000. சென்னையில் குடியிருப்பதால் அடிப்படைச் சம்பளத்தில் பாதி, அதாவது 3,00,000. மூன்றில் குறைவானது 2,04,000.

ஆக, பழைய முறையில் அவருக்குக் கிடைக்கும் கழிவுகள்: நிலைக் கழிவு 50,000, வாடகைப் படி 2,04,000, வீட்டுக் கடன் வட்டி 2,00,000 (இதற்கு அதுதான் உச்சவரம்பு), 80சி-யில் 1,50,000, மருத்துவக் காப்பீட்டுக்கு 25,000. கூட்டினால் 6,29,000. பன்னிரண்டு லட்சத்தில் இதைக் கழித்தால் வரிக்கு உட்படும் வருமானம் 5,71,000. முதல் இரண்டரை லட்சத்துக்கு வரி இல்லை, ஐந்து லட்சம் வரை ஐந்து சதவீதம், அதற்கு மேல் இருபது சதவீதம். அப்படிப் பார்த்தால் 26,700, அதன் மேல் நான்கு சதவீத செஸ் சேர்த்து 27,768 ரூபாய். தொழில் வரியை எளிமைக்காக விட்டுவிட்டேன், அதனால் பெரிய வித்தியாசம் வராது.

அதே ஆள், அதே சம்பளம், புதிய முறை. நிலைக் கழிவு 75,000 மட்டும் போக 11,25,000. அந்த வருடத்து விகிதப்படி வரி 68,750, செஸ் சேர்த்து 71,500 ரூபாய்.

அவருடைய கம்பெனி 71,500 ரூபாயைத்தான் டிடிஎஸ் பிடித்திருந்தது. வருடத் தொடக்கத்தில் எந்த முறை வேண்டுமென்று கேட்டு ஹெச்ஆரிலிருந்து வந்த மெயிலுக்கு அவர் பதில் போடவில்லை, அவர்கள் புதிய முறையில் பிடித்துவிட்டார்கள். இது நிறையப் பேருக்கு நடப்பதுதான், பெரிய தவறும் இல்லை. கம்பெனியிடம் சொன்னது டிடிஎஸ் பிடிக்க மட்டும்தான். ரிட்டர்ன் போடும்போது சம்பளக்காரர் பழைய முறைக்கு மாறிக்கொள்ளலாம். வாடகைப் படிக் கழிவைக்கூட அப்போது கேட்டுப் பெறலாம், வாடகை ரசீதும் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போன பதிவும் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவருக்கும் இது தெரிந்திருந்தது. 71,500-இல் 27,768 போக, பத்து ரூபாய்க்கு முழுமையாக்கி 43,730 ரூபாய் ரீஃபண்ட் வர வேண்டும் என்று தானே கணக்குப் போட்டு வைத்திருந்தார். சரியான கணக்கு.

போன வருடம் கடைசித் தேதி ஜூலை 31 என்பதை முதலில் செப்டம்பர் 15 என்று தள்ளி வைத்தார்கள், பிறகு ஒரு நாள் சேர்த்து செப்டம்பர் 16, 2025 ஆக்கினார்கள். அவர் செப்டம்பர் 14-ஆம் தேதி இரவு உட்கார்ந்து, பழைய முறையைத் தேர்ந்தெடுத்து, எல்லாக் கழிவுகளையும் ஒழுங்காக எழுதி, ரிட்டர்னை அனுப்பிவிட்டார். இரண்டு நாள் முன்னதாகவே.

ஜனவரியில் என்னிடம் வந்தார். கையில் வருமான வரித்துறை அனுப்பியிருந்த 143(1) அறிவிப்பு. அந்த அறிவிப்பில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்றில் நாம் சொன்ன கணக்கு, மற்றதில் துறை போட்ட கணக்கு. அவருடைய கட்டத்தில் வரி 27,768. துறையின் கட்டத்தில் 71,500, அதற்குக் கீழே தாமதக் கட்டணம் 5,000. ஆக 43,730 ரூபாய் வரும் என்று காத்திருந்தவரிடம், 5,000 ரூபாய் கட்டச் சொல்லி வந்திருந்தது அந்தக் காகிதம்.

“சார், நான் செப்டம்பர்லயே போட்டுட்டேனே, பாருங்க” என்று போனில் ஒரு பிடிஎஃப்பைத் திறந்து காட்டினார். அதில் தேதி செப்டம்பர் 14 என்றுதான் இருந்தது. ஆனால் நான் பார்த்தது தலைப்பை. அதன் உச்சியில் ‘Indian Income Tax Return Verification Form’ என்று இருந்தது. ரிட்டர்ன் முறையாகப் போய்ச் சேர்ந்திருந்தால் அங்கே ‘Indian Income Tax Return Acknowledgement’ என்று இருக்க வேண்டும். தலைப்பின் கடைசிப் பகுதி மட்டும்தான் வித்தியாசம். இரண்டுமே ஒரு பக்கக் காகிதம், இரண்டிலும் பெயர், பான் எண், வருமானம், வரி எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். Acknowledgement என்பது துறை உங்களுக்குக் கொடுக்கும் ரசீது. Verification Form என்பது நீங்கள் கையெழுத்துப் போட்டுத் துறைக்கு அனுப்ப வேண்டிய காகிதம், அதாவது இன்னும் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

நடந்தது இதுதான். ரிட்டர்னை அனுப்பிய பிறகு, இதை அனுப்பியது நான்தான் என்று உறுதி செய்ய வேண்டும். இ-வெரிஃபிகேஷன் என்று சொல்வது அதைத்தான். பெரும்பாலானவர்கள் ஆதாரோடு இணைத்த கைபேசிக்கு வரும் ஓடிபியைப் போட்டு ஒரு நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். இவருடைய ஆதாரில் இருந்தது எப்போதோ விட்டுவிட்ட பழைய நம்பர். ஓடிபி வரவில்லை. திரையில் ‘e-Verify Later’ என்று ஒரு வழி இருந்தது, அதைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். ரிட்டர்ன் போய்விட்டது என்ற செய்தி வந்ததால், மிச்சம் இருப்பது ஏதோ சம்பிரதாயம் என்று நினைத்துவிட்டார். நவம்பர் 22-ஆம் தேதி, ரீஃபண்ட் ஏன் வரவில்லை என்று பார்க்கப் போனபோதுதான் வெரிஃபிகேஷன் பாக்கி இருப்பது கண்ணில் பட்டது. இதற்குள் ஆதாரில் நம்பரை மாற்றியிருந்தார், உடனே முடித்தும் விட்டார்.

ரிட்டர்னை அனுப்பிய நாளிலிருந்து முப்பது நாளுக்குள் வெரிஃபை செய்தால், அனுப்பிய நாள்தான் ரிட்டர்ன் போட்ட நாள். முப்பது நாளைத் தாண்டி வெரிஃபை செய்தால், வெரிஃபை செய்த நாள்தான் ரிட்டர்ன் போட்ட நாள். வெரிஃபை செய்யவே இல்லையென்றால் ரிட்டர்னே போடவில்லை. அவருக்கு அக்டோபர் 14 வரை நேரம் இருந்தது. அவர் முடித்தது நவம்பர் 22. ஆகவே சட்டத்தின் பார்வையில் அவர் ரிட்டர்ன் போட்டது நவம்பர் 22, கடைசித் தேதிக்கு இரண்டு மாதம் பிறகு. அது தாமத ரிட்டர்ன். தாமத ரிட்டர்னில் பழைய முறை கிடையாது. பழைய முறை இல்லையென்றால் அந்த 6,29,000 ரூபாய்க் கழிவும் இல்லை, புதிய முறையின் 75,000 நிலைக் கழிவு மட்டும்தான். ஓடிபி வராத ஒரு இரவு இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது.

தாமதத்தை மன்னிக்கும்படி காரணம் சொல்லி விண்ணப்பம் போட போர்ட்டலில் வழி இருக்கிறது. ஏற்பதும் மறுப்பதும் துறையின் முடிவு. அவருக்கு அது கைகொடுக்கவில்லை. 43,730 ரூபாயும் போய், 5,000 ரூபாயும் கட்டினார். மொத்தத்தில் ஒரு மாதச் சம்பளத்தில் பாதி. இதை எழுதும்போதும் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. கணக்கில் அவர் எந்தத் தவறும் செய்யவில்லை.

அதனால் ஆதார் ஓடிபி வராவிட்டால் என்ன செய்வது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நெட் பேங்கிங் இருந்தால் வங்கியின் தளம் வழியாகவே வருமான வரி போர்ட்டலுக்குள் நுழைந்து வெரிஃபை செய்யலாம். போர்ட்டலில் ஏற்கெனவே சரிபார்க்கப்பட்ட வங்கிக் கணக்கோ டீமேட் கணக்கோ இருந்தால், அந்தக் கணக்கோடு இணைந்த கைபேசிக்கு ஒரு குறியீட்டு எண் வரும், அதைப் போட்டும் முடிக்கலாம். இது எதுவுமே இல்லையென்றால் அந்த Verification Form-ஐ அச்செடுத்து, பேனாவால் கையெழுத்திட்டு, பெங்களூரில் உள்ள துறையின் மையச் செயலாக்க மையத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். முப்பது நாளுக்குள் அது அங்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டு, முதல் வாரத்திலேயே ஸ்பீடு போஸ்டில் போட்டுவிடுங்கள். அனுப்பினால் போதாது, ஏற்றுக்கொண்டார்களா என்று போர்ட்டலிலும் பார்க்க வேண்டும்.

எங்கே பார்ப்பது? போர்ட்டலில் நுழைந்ததும் மேலே `e-File` என்று இருக்கும். அதில் `Income Tax Returns`, அதற்குள் `View Filed Returns`. நீங்கள் போட்ட ஒவ்வொரு வருடத்து ரிட்டர்னும் அங்கே தனித்தனிப் பெட்டியாக இருக்கும், பெட்டிக்குள் ரிட்டர்ன் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று காட்டியிருப்பார்கள். வெரிஃபை ஆகிவிட்டது என்று அங்கே இருந்தால் நிம்மதி. வெரிஃபிகேஷன் பாக்கி என்று இருந்தால் முப்பது நாள் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு இடத்திலும் கை தவறும். பழைய முறையைக் கேட்கும் கேள்வியே கொஞ்சம் தலைகீழாக இருக்கிறது. ஐடிஆர்-1 படிவத்தில், 115BAC(6) பிரிவின்படி புதிய முறையிலிருந்து வெளியேற விரும்புகிறீர்களா என்றுதான் கேட்கிறார்கள். பதில் ஏற்கெனவே ‘No’ என்று நிரப்பப்பட்டிருக்கும். பழைய முறை வேண்டியவர் அதை ‘Yes’ ஆக்க வேண்டும். அவசரத்தில் “பழைய முறை வேண்டுமா” என்று கேட்பதாக நினைத்துக்கொள்கிறவர்களும், கேள்வியையே படிக்காமல் தாண்டிப் போகிறவர்களும் உண்டு. கழிவுகளை எழுத முயலும்போது அந்தக் கட்டங்கள் திறக்கவில்லையென்றால், இந்தக் கேள்வியில்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். ரிட்டர்னை அனுப்புவதற்கு முன் வரும் முன்னோட்டப் பக்கத்தில் மொத்த வரியை ஒரு முறை பார்த்தாலும் தெரிந்துவிடும்.

(வியாபாரமோ தொழிலோ செய்து வருமானம் பெறுகிறவர்களுக்கு இந்தப் பதில் மட்டும் போதாது. அவர்கள் Form 10-IEA என்ற தனிப் படிவத்தையும் தங்களுக்கான கடைசித் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். சம்பளக்காரர் மாதிரி வருடா வருடம் அவர்களால் முறையை மாற்றிக்கொள்ளவும் முடியாது. அது தனிக்கதை. இந்த வெபினார் சம்பளக்காரர்களுக்கு.)

சரி, இந்த வருடத்துக்கு வருவோம். இப்போது நாம் போடுவது 2025-26 நிதியாண்டின் ரிட்டர்ன். 2026 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டதே, அதில் போட வேண்டாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். இந்த வருமானம் அதற்கு முன்பே வந்தது, ஆகவே 1961-ஆம் வருடச் சட்டப்படிதான் இந்த ரிட்டர்ன்.

விகிதங்கள் மட்டும் நிறைய மாறியிருக்கின்றன. புதிய முறையில் வரிக்கு உட்படும் வருமானம் 12 லட்சம் வரை இருந்தால், தள்ளுபடி போக வரி பூஜ்ஜியம். நிலைக் கழிவையும் சேர்த்தால் 12,75,000 ரூபாய் சம்பளம் வரை வரி இல்லை. மேலே சொன்ன நண்பருக்குச் சம்பளம் அதேதான் என்றால், இந்த வருடம் புதிய முறையில் ஒரு பைசா வரி கிடையாது. பழைய முறையை அவர் நினைத்துப் பார்க்கவே வேண்டாம். ஆகவே எல்லோரும் பழைய முறைக்கு ஓடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவர்களுக்குப் புதிய முறையே லாபம்.

அப்படியானால் இந்தத் தேதி யாருக்கு வலிக்கும்? சம்பளம் கொஞ்சம் கூடுதலாக இருந்து, வாடகையும் வீட்டுக் கடனும் ஒருசேரக் கட்டிக்கொண்டிருக்கிறவர்களுக்கு. 18 லட்சம் சம்பளம் வாங்குகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். புதிய முறையில் அவருக்கு நிலைக் கழிவு போக 17,25,000, வரி செஸ்ஸோடு 1,50,800 ரூபாய். பழைய முறையில் நிலைக் கழிவையும் சேர்த்து அவருக்கு 8,05,000 ரூபாய் கழிவு வருகிறது என்று வையுங்கள். வரி 1,15,960. முப்பத்து நாலாயிரத்துச் சொச்சம் மிச்சம். கழிவு அதைவிடக் குறையக் குறைய இந்த மிச்சமும் குறையும். ஏறக்குறைய 6,92,000 ரூபாய்க் கழிவில் இரண்டு முறைகளும் சமமாகிவிடும், அதற்குக் கீழே புதிய முறைதான் நல்லது. இந்தச் சமப்புள்ளி ஒவ்வொரு சம்பளத்துக்கும் வேறு வேறு. அதனால் பக்கத்து சீட்டுக்காரர் என்ன போட்டார் என்று கேட்டுப் போடாதீர்கள். வெபினாரில் உங்கள் எண்களை வைத்தே உங்கள் சமப்புள்ளியைக் கண்டுபிடிக்கும் வழியைக் காட்டுகிறேன்.

வரி பூஜ்ஜியம் என்பதற்காக ரிட்டர்ன் வேண்டாம் என்று இருந்துவிடவும் கூடாது. புதிய முறையில் மொத்த வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினாலே ரிட்டர்ன் போட வேண்டும். தள்ளுபடியே ரிட்டர்னில்தான் கணக்காகிறது. வங்கி வைப்பு வட்டிக்கோ வேறு எதற்கோ டிடிஎஸ் பிடித்திருந்தால், அது திரும்பி வருவதும் ரிட்டர்ன் வழியாகத்தான். டிசம்பர் 31-ம் தாண்டிவிட்டால் அப்டேட்டட் ரிட்டர்ன் என்ற ஒன்றுதான் பாக்கி இருக்கும், அதில் ரீஃபண்ட் கேட்க முடியாது.

பங்குச் சந்தையில் நஷ்டப்பட்டவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வருடம் பங்கு விற்றதில் குறுகிய கால நஷ்டம் 1,80,000 ரூபாய் என்றால், அதை அடுத்த எட்டு வருடங்களில் வரும் மூலதன லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் நஷ்டம் வந்த வருடத்து ரிட்டர்னைக் கடைசித் தேதிக்குள் போட்டிருந்தால் மட்டும். அடுத்த வருடம் அதே அளவு குறுகிய கால லாபம் வந்தால், இருபது சதவீத விகிதத்தில் 36,000 ரூபாய் வரி மிச்சமாகும். தேதி தாண்டினால் அந்த நஷ்டம் அந்த வருடத்தோடு முடிந்தது. நஷ்டத்தை ரிட்டர்னில் காட்டி என்ன பயன் என்று விட்டுவிடுகிற இளைஞர்கள் அதிகமாகிவிட்டதால்தான் இதைச் சொல்கிறேன். இவர்களுக்கு ஐடிஆர்-1 பொருந்தாது, ஐடிஆர்-2 போட வேண்டும்.

“போன வருஷம் மாதிரி இந்த வருஷமும் தள்ளி வைப்பாங்க” என்று காத்திருப்பவர்களும் உண்டு. 2023-இலும் 2024-இலும் ஜூலை 31 என்றால் ஜூலை 31-தான், ஒரு நாள்கூடத் தள்ளவில்லை. தவிர, கடைசி இரண்டு நாளில் போடுவது இப்போது முன்னைவிடச் சிரமம். முன்பெல்லாம் 80சி-க்கு நேராக 1,50,000 என்று எழுதினால் வேலை முடிந்தது. போன வருடத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் விவரம் கேட்கிறார்கள். எல்ஐசி என்றால் பாலிசி எண், மருத்துவக் காப்பீடு என்றால் கம்பெனி பெயரும் பாலிசி எண்ணும், வீட்டுக் கடன் என்றால் எந்த வங்கி, கடன் கணக்கு எண் என்ன, எந்தத் தேதியில் கடன் கொடுத்தார்கள் என்பது வரை. வாடகைப் படிக்குக் கொடுத்த வாடகை, அடிப்படைச் சம்பளம், வேலை செய்யும் ஊர். ஜூலை 31 இரவு பதினொரு மணிக்கு ஊரில் இருக்கும் அப்பாவை எழுப்பி, பீரோவில் இருக்கும் கடன் பத்திரத்தைப் படிக்கச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியும் கடைசி நாள்வரை ஒரு விவரம் கிடைக்கவில்லையென்றால், இருப்பதை வைத்து, முறையை மட்டும் சரியாகத் தேர்ந்தெடுத்து, தேதிக்குள் போட்டு வெரிஃபை செய்துவிடுங்கள். விட்டுப்போன தொகையைப் பிறகு திருத்திய ரிட்டர்னில் சேர்க்க முடியும். விட்டுப்போன தேதியை எதிலும் சேர்க்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் இவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: கம்பெனி கொடுத்த ஃபார்ம் 16, மேலே சொன்ன பாலிசி எண்கள், வங்கியிடமிருந்து வாங்கிய வீட்டுக் கடன் வட்டிச் சான்று, வாடகை ரசீதுகள். போர்ட்டலிலிருந்து இரண்டு அறிக்கைகளையும் இறக்கிக்கொள்ளுங்கள். உங்கள் பான் எண்ணில் யார் எவ்வளவு டிடிஎஸ் கட்டியிருக்கிறார்கள் என்று காட்டும் 26ஏஎஸ் ஒன்று, வட்டி, ஈவுத்தொகை, பங்கு விற்பனை எல்லாவற்றையும் காட்டும் ஏஐஎஸ் மற்றது. ஃபார்ம் 16-இல் இருக்கும் டிடிஎஸ் தொகையும் 26ஏஎஸ்-இல் இருக்கும் தொகையும் ஒன்றுதானா என்று வருவதற்கு முன்பே ஒரு முறை ஒப்பிட்டுவிடுங்கள். வேறுபட்டால் சம்பளப் பிரிவில் இப்போதே கேளுங்கள், அதைச் சரிசெய்ய அவர்களுக்கும் சில நாட்கள் வேண்டும்.

இன்னும் ஒரு வேலை, இதற்கு ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் ஆதாரில் எந்தக் கைபேசி எண் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். பழைய எண்ணாக இருந்தால், அதை மாற்றி முடிக்கக் கொஞ்ச நாள் எடுக்கலாம். ஜூலை இறுதிக்குள் அது கைக்கு வந்துவிட வேண்டும். வெபினாரின் முதல் பத்து நிமிடம் நான் எதுவும் பேசப் போவதில்லை. எல்லோரும் அவரவர் போர்ட்டலைத் திறந்து, போன வருடத்துப் பெட்டியில் வெரிஃபை ஆகியிருக்கிறதா என்று பார்க்கப் போகிறோம்.